டிரம்மில் போடுவதும் டிரம்மில் சுற்றுவதும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்து ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு என் குரல் பழகியிருக்கும். வராதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நீங்கள் பயிற்சிக்காகக் காட்டும் கடிதங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்துப் பிழையோ சொற்பஞ்சமோ அதற்குக் காரணம் இல்லை. ஒரு சொல்லின் கடைசி எழுத்தில்தான் கோளாறு. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில், நாம் வீட்டில் பேசும் மொழியிலிருந்தே வருகிறது என்று புரிந்தது.

இந்தப் பகுதிக்கு ரஷ்யா புதிதல்ல. இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1953-இல் வணிக ஒப்பந்தம் போட்டன. அதன் பிறகு ரூபாய்க் கணக்கில் பல பத்தாண்டுகள் நடந்த வியாபாரத்தில் தோலும் ஷூ அப்பரும் முக்கியமான சரக்குகள். அன்று மாஸ்கோவில் வாங்கியவை அரசு நிறுவனங்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அந்த ஏற்பாடு போயிற்று. இன்று வாங்குகிறவர் தனியார். செல்போனில் இரண்டு வரி அடித்து அனுப்பிவிட்டு, நீங்களும் இரண்டு வரியில் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த இரண்டு வரியில் சரக்கு எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பதைத் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது? அதனால்தான் இந்தக் கடைசி எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ரஷ்யத்தில் ஒரு சிறு சொல் பெயருக்கு முன்னால் நிற்கும், பெயரின் கடைசியும் மாறும். இரண்டும் சேர்ந்துதான் பொருள் தரும். 'வ்' என்றால் உள்ளே, 'நா' என்றால் மேலே என்று பொதுவாகச் சொல்லலாம். இந்த இரண்டு சொற்களும் இரண்டு வேற்றுமைகளோடு வரும். ஒரு பொருள் ஓர் இடத்தை நோக்கிப் போனால் பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். ரஷ்யத்தில் அதற்குக் கேள்விச் சொல் 'குதா'. ஒரு பொருள் ஓர் இடத்தில் இருந்தால், ஏறக்குறைய நம் ஏழாம் வேற்றுமைக்கு நிகரான இன்னொன்றில் நிற்கும். அதற்குக் கேள்விச் சொல் 'க்தியே'.

நம் ஊர்ப் பெயரை வைத்தே பார்க்கலாம். 'வ் ஆம்பூர்' என்றால் ஆம்பூருக்கு. 'வ் ஆம்பூரே' என்றால் ஆம்பூரில். மெய்யெழுத்தில் முடியும் உயிரற்ற பெயர்களுக்கு இரண்டாம் வேற்றுமையில் எந்த மாற்றமும் இல்லை, அகராதியில் இருப்பதுபோலவே நிற்கும். ஏழாம் வேற்றுமையில் ஓர் ஏகாரம் ஏறும். ராணிப்பேட்டை அங்கே 'ரானிபெத்', அதனால் 'வ் ரானிபெத்', 'வ் ரானிபெதே'. ஆகாரத்தில் முடியும் பெயர் என்றால் இரண்டு பக்கமும் மாறும். மாஸ்கோ அவர்களுக்கு 'மஸ்க்வா'. மாஸ்கோவுக்கு 'வ் மஸ்க்வு', மாஸ்கோவில் 'வ் மஸ்க்வே'. ரஷ்யா 'ரஸ்ஸீயா' என்பதால் 'வ் ரஸ்ஸீயு', 'வ் ரஸ்ஸீயி'. (நம் தேற்றேகாரம்போல் இந்த ஏகாரம் காதில் விழுவதால் வகுப்பில் சிலர் அழுத்திச் சொல்கிறார்கள். வேண்டாம். அழுத்தமில்லாத இடத்தில் ரஷ்யர்கள் அதை ஏறக்குறைய இகரமாகவே விழுங்கிவிடுவார்கள்.)

இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. 'க்கு' வந்தால் இரண்டாம் வேற்றுமை, 'இல்' வந்தால் ஏழாம் வேற்றுமை என்று மனத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறீர்கள். போகிறேன், வருகிறேன், அனுப்புகிறேன், இருக்கிறேன் என்று எழுதும்வரை அது கைகொடுக்கிறது. கவிழ்வது எங்கே தெரியுமா? வை, போடு, ஏற்று, ஒட்டு, மாட்டு என்ற வினைகளில்.

பெட்டியில் ஷூ இருக்கிறது. பெட்டியில் ஷூவைப் போடு. தமிழ் இரண்டுக்கும் ஒரே 'இல்'லைத்தான் கொடுக்கிறது. ஷூ வெளியே இருந்து உள்ளே போகிறது என்பதை வினை மட்டுமே சொல்கிறது, உருபு சொல்வதில்லை. வீட்டில் உருது பேசுகிறவர்களுக்கும் இதே கதைதான். 'டப்பே மே ஹை', 'டப்பே மே டாலோ' என்று இரண்டிலும் அதே 'மே'. பள்ளியில் படித்த ஆங்கிலமும் இந்த இடத்தில் கறாராக இல்லை. ஆக ஆம்பூரில் புழங்கும் மூன்று மொழிகளும் ஒரே இடத்தில் கைவிடுகின்றன. கேள்விச் சொல்லும் அப்படித்தான். 'எங்கே இருக்கிறாய்' என்போம், 'எங்கே போகிறாய்' என்போம். உருதில் 'கஹான்' இரண்டு வேலையும் பார்க்கும். ரஷ்யனுக்கு இவை இரண்டு வேறு கேள்விகள், இரண்டு வேறு சொற்கள்.

அதனால் ரஷ்யத்தில் பெட்டியில் இருப்பது 'வ் கரோப்கே', பெட்டியில் போடுவது 'வ் கரோப்கு'. டேனரிக்கு வருவோம். டிரம்முக்கு ரஷ்யச் சொல் 'பரபான்'. தோலை டிரம்மில் போடும்போது 'வ் பரபான்'. போட்டு, கதவை மூடி, மோட்டாரை ஓடவிட்ட பிறகு தோல் மணிக்கணக்கில் உள்ளே சுற்றுகிறது. அப்போது என்ன? 'வ் பரபானே'. இங்கேதான் வகுப்பில் எப்போதும் ஒரு சண்டை. "சார், அசைவு என்றால் இரண்டாம் வேற்றுமை என்று சொன்னீர்களே, டிரம்முக்குள் அசைவு இல்லையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாடப்புத்தகங்கள் 'அசைவு, நிலை' என்று சுருக்கிச் சொல்வதால் வரும் குழப்பம் இது. ரஷ்யம் அசைவைப் பார்ப்பதில்லை. எல்லையைத் தாண்டுவதைப் பார்க்கிறது. தோல் டிரம்முக்கு வெளியே இருந்து உள்ளே வந்தது, அது ஒரு தாண்டல். அதன்பின் எத்தனை சுற்று சுற்றினாலும் டிரம்மைத் தாண்டவில்லை. குரோம் ஏறி வெட் ப்ளூவாகி வெளியே எடுக்கும்வரை அது 'வ் பரபானே'தான்.

ஆகவே இனி உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வேலை தொடங்கும்போது பொருள் அந்த இடத்தில் இருந்ததா? இல்லாமல் இருந்து, முடியும்போது அங்கே இருந்தால் இரண்டாம் வேற்றுமை. தொடக்கத்திலும் முடிவிலும் அங்கேயே இருந்தால் ஏழாம் வேற்றுமை. தமிழ் வாக்கியத்தில் 'இல்' வருகிறதா, 'க்கு' வருகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள்.

இந்தச் சோதனை எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யும் என்பதற்கு அட்டைப் பெட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டியில் லேபிள் ஒட்டுகிறோம். லேபிள் வேறெங்கோ இருந்தது, இப்போது பெட்டி மேல் வந்துவிட்டது. 'நா கரோப்கு'. அதே பெட்டியில் மார்க்கர் பேனாவால் ஆர்டர் எண்ணை எழுதுகிறோம். அந்த எண் வேறெங்கும் இருந்து வரவில்லை. பெட்டி மேலேயே பிறந்தது. அதனால் 'நா கரோப்கே'. ஒட்டுவது ஒரு வேற்றுமை, எழுதுவது இன்னொரு வேற்றுமை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் இப்படித்தான். ரஷ்யத்தில் அதற்கு வரும் வினை 'பஸ்தாவித்', அதாவது நிறுத்தி வைப்பது. நாற்காலியை ஓர் இடத்தில் வைத்தால் அந்த வினைக்கு இரண்டாம் வேற்றுமைதான் வரும். ஆனால் கையெழுத்தை யாரும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து காகிதத்தில் வைப்பதில்லை என்பதால், ஆவணத்தின் மேல் கையெழுத்திடும்போது 'நா தக்குமென்தே' என்று ஏழாம் வேற்றுமை வருகிறது.

இப்போது ஒரு முழுக் கடிதம். இந்த வகைக் கடிதம்தான் நீங்கள் அதிகம் எழுதுவது. தமிழில் இப்படி இருக்கிறது: 'பெட்டிகள் குடோனில் இருக்கின்றன. நாளை அவற்றைக் கன்டெய்னரில் ஏற்றுவோம். கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகும். கப்பல் வரும்வரை துறைமுகத்தில் நிற்கும்.'

முதல் வரி எளிது. குடோன் 'ஸ்க்லாத்'. அதற்கு 'வ்' வராது, 'நா'தான் வரும். குடோனின் மேல் என்று பொருள் கொள்ள வேண்டாம், அது வழக்கு. தொழிற்சாலையான 'ஃபாப்ரிகா', 'ஸவோத்' ஆகியவற்றுக்கும் 'நா'தான். பெட்டிகள் இருக்கின்றன என்பதால் 'நா ஸ்க்லாதே'. சரி.

இரண்டாவது வரியில் வகுப்பே விழுந்தது. 'வ் கன்தேய்னெரே' என்று எழுதினார்கள், தமிழில் 'இல்' இருக்கிறதல்லவா. ஏற்றுவதற்கு முன் பெட்டிகள் கன்டெய்னரில் இல்லை. எனவே 'வ் கன்தேய்னெர்' என்று வெறுமனே விட வேண்டும். சரி, ஓர் ஏகாரம் கூடிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வாங்குகிறவர் புரிந்துகொள்ளமாட்டாரா? புரிந்துகொள்வார், ஆனால் வேறாக. ரஷ்யத்தில் சரக்கை 'வ் கன்தேய்னெரே' அனுப்புவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கன்டெய்னரில் வைத்த நிலையில் அனுப்புவது, தனித்தனிப் பெட்டியாக அல்ல என்று பொருள். எனவே 'நாளை வ் கன்தேய்னெரே ஏற்றுவோம்' என்று படிக்கிற ரஷ்யர், பெட்டிகள் ஏற்கெனவே கன்டெய்னருக்குள் அடுக்கப்பட்டுவிட்டன, நாளை கன்டெய்னரோடு சேர்த்துக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அவர் கணக்கில் சரக்கு ஒரு படி முன்னால் போய்விட்டது. உங்கள் பெட்டிகளோ இன்னும் குடோனில் டேப் ஒட்டக் காத்திருக்கின்றன. இந்தப் பிழையைப் பிழை என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கிறது. பொருள் மட்டும் வேறு.

மூன்றாவது வரியில் துறைமுகத்துக்குப் போகிறது, 'வ் போர்த்'. நான்காவது வரியில் துறைமுகத்தில் நிற்கிறது. சோதனைப்படி ஏழாம் வேற்றுமை, எனவே 'வ் போர்தே' என்று எழுதிவிட்டீர்கள். விதியைச் சரியாகப் பிடித்தவர்களே விழும் குழி இது. மெய்யில் முடியும் சில குட்டிச் சொற்கள், 'வ்', 'நா' இரண்டின் பின்னால் மட்டும், ஏகாரத்துக்குப் பதிலாக அழுத்தமான உகரம் ஏற்கும். துறைமுகத்தில் என்றால் 'வ் பர்தூ'. தரையில் 'நா பலூ', அலமாரியில் 'வ் ஷ்கஃபூ'. துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அ போர்தே' என்று ஏகாரம் திரும்பி வந்துவிடும். இந்தச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் வேலைக்கு வேண்டியவை கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும்.

இன்னொரு வினையையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். 'வந்து சேர்ந்தது' என்பதற்கு 'பிரீபில்'. தமிழில் 'துறைமுகத்தில் வந்து சேர்ந்தது' என்று நாமும் எழுதுவோம். வந்து சேர்ந்ததும் அங்கேதானே நிற்கிறது என்ற நினைப்பில் சிலர் 'பிரீபில் வ் பர்தூ' என்று எழுதுகிறார்கள். ரஷ்யத்தில் சேர்வதும் தாண்டல்தான், 'பிரீபில் வ் போர்த்'. எதிர்ப்பக்கம் ஒரு முரடன் இருக்கிறான், 'ரஸ்மெஸ்தீத்'. இடம் ஒதுக்கி வைப்பது என்று பொருள். குடோனில் சரக்கை ஒதுக்கி வைக்கும்போது, சரக்கு வெளியே இருந்து வந்தாலும், இந்த வினையோடு 'நா ஸ்க்லாதே' என்று ஏழாம் வேற்றுமையே வரும். ஏறக்குறைய அதே பொருளுள்ள 'பமெஸ்தீத்' என்றால் 'நா ஸ்க்லாத்'. என் சோதனை இந்த இடத்தில் தோற்கிறது, மறைக்க விரும்பவில்லை.

'வ்', 'நா' தவிர இப்படி இரண்டு முகம் காட்டும் சொற்கள் இன்னும் இரண்டு உண்டு. பின்னால் என்ற 'ஸா', கீழே என்ற 'போத்'. இவற்றிலும் நோக்கிப் போவது இரண்டாம் வேற்றுமைதான். ஆனால் இருப்பது ஏழாம் வேற்றுமையில் வராது, நம் 'ஆல்' உருபுக்கு நிகரான மூன்றாம் வேற்றுமையில் வரும். தோலை பிரஸ்ஸுக்கு அடியில் வைத்தால் 'போத் பிரெஸ்'. அடியில் கிடந்தால் 'போத் பிரெஸ்ஸம்'. ஏற்றுமதிக்காரருக்கு இதைவிட முக்கியம் 'வெளிநாடு'. ரஷ்யத்தில் அது சொல்லுக்குச் சொல் எல்லைக்கு அப்பால். வெளிநாட்டுக்கு அனுப்புவது 'ஸா க்ரனீட்ஸு', வெளிநாட்டில் விற்பது 'ஸா க்ரனீட்ஸெய்'. ஆனால் இதையே பார்த்து மேலே என்ற 'நாத்', முன்னால் என்ற 'பெரெத்' ஆகியவற்றுக்கும் இரண்டு முகம் கொடுத்துவிடாதீர்கள். மேஜைக்கு மேலே விளக்கை மாட்டினாலும், விளக்கு தொங்கிக்கொண்டிருந்தாலும், 'நாத் ஸ்தலோம்' என்று மூன்றாம் வேற்றுமை ஒன்றேதான்.

ஓர் இடத்திலிருந்து வெளியேறுவதற்கு இவ்வளவு தொல்லை கிடையாது. 'வ்' போட்டு உள்ளே போனது 'இஸ்' போட்டு வெளியே வரும், 'நா' போட்டுப் போனது 'ஸ்' போட்டு வரும், இரண்டும் எப்போதும் ஆறாம் வேற்றுமை. துறைமுகத்திலிருந்து 'இஸ் போர்தா', ஃபாக்டரியிலிருந்து 'ஸ் ஃபாப்ரிகி'. 'இஸ் ஃபாப்ரிகி' என்று மாற்றிப் போட்டால் புரியும், சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஊர்ப் பெயர். நேற்றுவரை நானும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் உங்கள் கடிதங்களில் ஆம்பூரைவிட அதிகம் வருவது சென்னை. மெட்ராஸ் என்று எழுதிய காலத்தில் ரஷ்யர்களுக்குத் தொல்லையே இல்லை. மெய்யில் முடிந்ததால் 'வ் மத்ராஸ்', 'வ் மத்ராஸே' என்று ஒழுங்காக மாறியது. 'சென்னை' ரஷ்யத்தில் 'சென்னாயி' என்று இகரத்தில் முடிகிறது. அப்படி முடியும் வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள் மாறாமல் நிற்பவை. வாணியம்பாடியும் அப்படியே. 'வ் சென்னாயி' என்றால் சென்னைக்கும்தான், சென்னையிலும்தான். உருபு ஊமையாகிவிட்டதால் வினை மட்டுமே பேச வேண்டும். 'கன்தேய்னெர் வ் சென்னாயி' என்று வினையில்லாமல் தந்தி பாணியில் அடித்து அனுப்பினால், கன்டெய்னர் சென்னையில் நிற்கிறதா, சென்னைக்குக் கிளம்பியிருக்கிறதா என்று மாஸ்கோவில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அதே வரியில் ஊரின் பெயர் ஆம்பூராக இருந்தால் ஓர் ஏகாரம் போதும், சந்தேகம் இருக்காது.

இதற்கு வழி இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் மாறும் ஒரு பொதுப்பெயரைப் போடுங்கள். சென்னைத் துறைமுகம் என்று எழுதினால் 'போர்த்' மாறி வேலையைப் பார்த்துக்கொள்ளும். துறைமுகத்துக்குப் போனால் 'வ் போர்த் சென்னாயி', துறைமுகத்தில் நின்றால் 'வ் பர்தூ சென்னாயி'. ஊருக்கு என்றால் 'நகரம்' என்ற 'கோரத்' இருக்கிறது. 'வ் கோரத் சென்னாயி', 'வ் கோரதே சென்னாயி'. வேலூரில் இன்னொரு சிக்கல். ஆவணத்தில் யாரோ 'வெல்லூர்' என்று எழுதியிருப்பார்கள், இன்னொருவர் 'வெல்லூரு' என்று எழுதியிருப்பார். முதலாவது ஆம்பூரைப்போல் மாறும், இரண்டாவது சென்னையைப்போல் மாறாது. ஒரு கம்பெனிக்குள் இரண்டு எழுத்துகளும் புழங்கினால் ஒரே வாக்கியம் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் இருக்கும். உங்கள் பிரிவில் எது என்று ஒன்றை முடிவு செய்து, லெட்டர் பேடிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் அதையே போடச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு வரும்போது நீங்கள் அனுப்பிய கடிதங்களில் 'இல்' வரும் வாக்கியங்களாகப் பத்து பொறுக்கிக்கொண்டு வாருங்கள். தமிழ் மூலமும் வேண்டும், ரஷ்யமும் வேண்டும். கம்பெனிப் பெயரையும் விலையையும் அடித்துவிட்டே கொண்டு வாருங்கள், உங்கள் மேனேஜர் என்னைத் தேடி வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ரஷ்ய வாத்தியார்
ஆம்பூர்